ஒரே புட்டி, மூன்று நார்மாலிட்டி

பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் செய்முறை செய்தவர்களுக்கு அந்த நிறம் மறந்திருக்காது. பியூரெட்டில் கருநாவல் நிறத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட். கீழே கூம்புக் குடுவையில் ஏறக்குறைய நிறமே இல்லாத பெர்ரஸ் உப்புக் கரைசல். சொட்டுச் சொட்டாக விட்டால் விழுந்த இடத்திலேயே நிறம் கரைந்து காணாமல் போகும். ஏதோ ஒரு சொட்டில் போகாமல், வெளிறிய இளஞ்சிவப்பு குடுவை முழுவதும் தங்கிவிடும். பியூரெட் அளவைக் குறித்துக்கொண்டு, நோட்டில் V1N1 = V2N2 என்று எழுதி, தெரிந்த மூன்றைப் போட்டுத் தெரியாத நான்காவதை எடுத்துவிடுவோம். விடை சரியாக வரும், மதிப்பெண்ணும் வரும்.

அந்த N தான் நார்மாலிட்டி. இன்றைய பாடப்புத்தகங்கள் பலவற்றில் அது ஓரத்துக்குப் போய்விட்டது. என்.சி.இ.ஆர்.டி.யின் செய்முறை நூல் இதே பெர்மாங்கனேட் சோதனைக்கு a1M1V1 = a2M2V2 என்று எழுதச் சொல்கிறது. M என்பது மோலாரிட்டி. கூடவே இரண்டு a வேறு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பார்த்தவுடன், எளிதாக இருந்த ஒன்றை வேண்டுமென்றே சிக்கலாக்கியதுபோலத்தான் தோன்றும். பழைய ஆசிரியர்கள் பலருக்கு இதில் இன்றும் மனக்குறை உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதிலிருந்தே தொடங்கலாம்.

ஒரு மோல் கந்தக அமிலத்தின் எடை 98 கிராம். ஒரு மோல் சோடியம் ஹைட்ராக்சைடின் எடை 40 கிராம். கந்தக அமிலத்தின் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகளைக் கொடுக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு ஒன்றைத்தான் வாங்கிக்கொள்ளும். ஆகவே லிட்டருக்கு ஒரு மோல் வீதம் இரண்டையும் கரைத்து வைத்தால், 10 மி.லி. அமிலத்துக்கு 20 மி.லி. காரம் செலவாகும். இந்த இரண்டு மடங்குக் கணக்கை ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்திருப்பதற்குப் பதிலாக, அதைக் கரைசல் தயாரிக்கும்போதே தீர்த்துவிட்டால் என்ன? 98 கிராமுக்குப் பதில் அதில் பாதியான 49 கிராமை ஒரு லிட்டரில் கரைப்போம். இப்போது 10 மி.லி. அமிலத்துக்குச் சரியாக 10 மி.லி. காரம் போதும். இந்த 49 தான் கந்தக அமிலத்தின் சமான எடை. ஒரு லிட்டரில் ஒரு கிராம் சமான எடை கரைந்திருந்தால் அந்தக் கரைசல் ஒரு நார்மல், அதாவது 1 N. எந்த அமிலமானாலும் எந்தக் காரமானாலும், நார்மாலிட்டி சமமாக இருந்தால் சம பருமன்கள் ஒன்றையொன்று தீர்த்துவிடும். சமன்பாடு எழுதவே வேண்டாம்.

இந்த யோசனை பிறந்த காலத்தில் சமன்பாடு எழுதுவதற்கு வழியும் இல்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஜெர்மனியின் ஜெரமியாஸ் பெஞ்சமின் ரிக்டர், எவ்வளவு அமிலம் எவ்வளவு காரத்தைத் தீர்க்கும் என்று எடை போட்டு எடை போட்டு அட்டவணைகள் தயாரித்து 1792 முதல் வெளியிட்டார். அப்போது டால்டனின் அணுக்கொள்கையே வரவில்லை. 1814இல் வெளியான கட்டுரையில் இங்கிலாந்தின் வொல்லஸ்டன் இத்தகைய சமான எடைகளை நகரும் அளவுகோல் ஒன்றில் பொறித்துக் காட்டினார். ஆய்வாளர் அதை நகர்த்தியே விடையைப் படித்துக்கொள்ளலாம். அணு எடைகளைப் பற்றிய சண்டை பல பத்தாண்டுகள் நீடித்தது. தண்ணீரை HO என்று எழுதுவதா H2O என்று எழுதுவதா என்பதிலேயே ஒற்றுமை இல்லை. சமான எடைக்கு இந்தச் சண்டை எதுவும் தேவைப்படவில்லை. தராசில் நேரடியாகக் கிடைத்த எண் அது.

இதை ஆய்வக வழக்கமாக்கிப் பரப்பியவர்களில் முக்கியமானவர் கார்ல் ஃபிரெடரிக் மோர். மருந்தாளர், ஜெர்மனியின் கோப்லென்ஸ் ஊர்க்காரர். 1855இல் வெளிவந்த அவருடைய தரம்பார்த்தல் நூல், லிட்டருக்கு ஒரு சமான எடை என்ற கணக்கில் கரைசல்களை வைத்துக்கொள்ளும் முறையை ஆய்வாளர்களிடம் நிலைநிறுத்தியது. பெர்மாங்கனேட் சோதனையில் நாம் எடுக்கும் அந்த வெளிர்பச்சைப் படிகத்துக்கு மோர் உப்பு என்று பெயர் வந்ததும் இவரால்தான்.

ஆலை ஆய்வகங்களுக்கு நார்மாலிட்டி கொடுத்த வசதி கொஞ்சநஞ்சமல்ல. 0.1 N பெர்மாங்கனேட் ஒரு மி.லி. செலவானால், குடுவையில் 5.585 மில்லிகிராம் இரும்பு இருந்தது என்று பொருள். பியூரெட் அளவை அந்த ஓர் எண்ணால் பெருக்கினால் வேலை முடிந்தது. பெருக்குகிறவருக்கு வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு நூறு மாதிரிகளைப் பார்க்கும் இடத்தில் இது எவ்வளவு பெரிய சேமிப்பு என்பதைச் சொல்லத் தேவையில்லை. நார்மாலிட்டியின் பலம் இதுதான். அதன் கோளாறும் இதற்குள்ளேயே இருக்கிறது.

கோளாறைப் பார்க்க ஒரு கணக்கை முழுதாகச் செய்வோம். மோர் உப்பின் மோலார் எடை 392. அதில் 9.80 கிராமைத் துல்லியமாக எடைபோட்டு, இரும்பு நீரில் பிரிந்து கலங்கிவிடாமலிருக்கக் கொஞ்சம் நீர்த்த கந்தக அமிலம் சேர்த்துக் கரைத்து, 250 மி.லி. அளவுக் குடுவையில் கோடு வரை நிரப்புகிறோம். லிட்டருக்கு 39.2 கிராம், அதாவது 0.1 மோல். இதில் 20 மி.லி. பிப்பெட்டால் எடுத்து, மேலும் 20 மி.லி. நீர்த்த கந்தக அமிலம் விட்டு, பெர்மாங்கனேட்டைச் சொட்டுகிறோம். கரைசல் அடர்நிறமாக இருப்பதால் பியூரெட்டில் கீழ்ப்பிறை தெரியாது. மேல்விளிம்பைத்தான் படிக்க வேண்டும். இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிற்கும்போது அளவு 19.6 மி.லி. என்று வைத்துக்கொள்வோம்.

நடந்தது என்ன? ஒவ்வொரு பெர்ரஸ் அயனியும் ஓர் எலக்ட்ரானை விட்டுக்கொடுத்துப் பெர்ரிக் ஆகிறது. ஒவ்வொரு பெர்மாங்கனேட்டும் அமிலத்தில் ஐந்து எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு, ஏறக்குறைய நிறமற்ற மாங்கனீசு(II) அயனியாக மாறுகிறது.

MnO4⁻ + 8H⁺ + 5Fe²⁺ → Mn²⁺ + 5Fe³⁺ + 4H2O

அமில-கார வினையில் ஹைட்ரஜன் அயனியை எண்ணியதுபோல, இங்கே எலக்ட்ரானை எண்ணுகிறோம். மோர் உப்புக்கு ஒன்று; ஆகவே சமான எடை 392 தான். பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து, 158ஐ ஐந்தால் வகுத்தால் 31.6. பழைய முறையில் 20 × 0.1 = 19.6 × N. பெர்மாங்கனேட் 0.1020 N.

புதிய முறையில் இதையே மோலில் எண்ணுவோம். குடுவையில் இருந்த இரும்பு 20 × 0.1 = 2 மில்லிமோல். ஐந்து இரும்புக்கு ஒரு பெர்மாங்கனேட் என்பதால் செலவானது 0.4 மில்லிமோல். அது 19.6 மி.லி.யில் இருந்தது. ஆகவே 0.4 ÷ 19.6, லிட்டருக்கு 0.02041 மோல். ஐந்தால் பெருக்கிப் பாருங்கள், அதே 0.1020 தான். இரண்டு முறைகளிலும் அந்த 5 இருக்கிறது. பழைய முறையில் அது சமான எடைக்குள் புகுந்து, லேபிளில் எழுதிய எண்ணுக்குள் ஒளிந்துகொள்கிறது. புதிய முறையில் கணக்கின் நடு வரியில், எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கிறது. a1, a2 என்று ஒட்டிக்கொண்டிருந்தவை சமன்பாட்டில் உள்ள அந்த 1ம் 5ம் தான்.

ஒளிந்திருந்தால் என்ன கெட்டுவிடும்? அமிலத்தில் இரும்பை மட்டுமே பார்க்கும்வரை ஒன்றும் கெடாது. அதே புட்டியை எடுத்துக்கொண்டு வேறு சோதனைக்குப் போகும்போதுதான் சிக்கல். பெர்மாங்கனேட் எல்லா இடத்திலும் ஐந்து எலக்ட்ரான் வாங்குவதில்லை. நடுநிலைக்கு அருகில் மூன்றோடு நின்று, பழுப்பு நிற மாங்கனீசு டைஆக்சைடாகப் படிந்துவிடும். கடும் காரத்தில் ஒன்றே ஒன்றை வாங்கி, பச்சை நிற மாங்கனேட் ஆகும். எனவே அதன் சமான எடை இடத்துக்கு இடம் 31.6, 52.7, 158 என்று மாறும். நம் 0.02041 மோலார் கரைசல் முதல் இடத்தில் 0.1020 N, இரண்டாவது இடத்தில் 0.0612 N, மூன்றாவது இடத்தில் 0.0204 N. புட்டியில் ஒரு சொட்டுகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சுமை தூக்குபவரின் எடையைக் கேட்டால் ஒரே பதில்தான் உண்டு; எத்தனை மூட்டை தூக்குவார் என்று கேட்டால், ஏறவேண்டியது சமதரையா மாடிப்படியா என்று திருப்பிக் கேட்டாக வேண்டும். மோலாரிட்டி முதல் கேள்விக்குப் பதில், நார்மாலிட்டி இரண்டாவதற்கு. இரண்டாவது கேள்விக்கான பதிலை முதல் கேள்விக்கான இடத்தில், புட்டியின் மேல், எழுதிவைத்ததுதான் பிழை.

இது வெறும் தத்துவப் பேச்சில்லை என்பதற்கு மாங்கனீசுத் தாது நல்ல உதாரணம். 1879இல் யாக்கோப் வோல்ஹார்டு வகுத்த முறை ஒன்று உண்டு. தாதுவைக் கரைத்து அதிலுள்ள மாங்கனீசு முழுவதையும் மாங்கனீசு(II) அயனியாக்கி, துத்தநாக ஆக்சைடுக் குழம்பைச் சேர்த்து அமிலத்தைத் தீர்த்துவிட்டு, சூடாக இருக்கும்போதே பெர்மாங்கனேட்டை விடுவார்கள். பழுப்பு வீழ்படிவு கொட்டும். அது கீழே படிந்ததும் மேலே நிற்கும் தெளிந்த நீரில் இளஞ்சிவப்பு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

2MnO4⁻ + 3Mn²⁺ + 2H2O → 5MnO2 + 4H⁺

இங்கே பெர்மாங்கனேட் வாங்குவது மூன்று எலக்ட்ரான்தான். தாதுவில் 200 மில்லிகிராமுக்குச் சமமான பங்கை எடுத்து நம் கரைசலால் தரம்பார்த்ததில் 35.7 மி.லி. செலவானது என்று கொள்வோம். மோல் வழியில் 35.7 × 0.02041 = 0.729 மில்லிமோல் பெர்மாங்கனேட். இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் மாங்கனீசு 1.093 மில்லிமோல். அதை 54.94ஆல் பெருக்கினால் 60 மில்லிகிராம். தாதுவில் மாங்கனீசு 30 சதவீதம்.

இப்போது புட்டியின் லேபிளை மட்டும் நம்புகிற ஒருவர் கணக்குப் போடட்டும். லேபிளில் 0.1020 N என்று இருக்கிறது. மாங்கனீசு இரண்டு எலக்ட்ரான் விடுவதால் அதன் சமான எடை 27.47 என்பதைக்கூட அவர் சரியாகவே எடுத்துக்கொள்கிறார். 35.7 × 0.1020 × 27.47 = 100 மில்லிகிராம். தாதுவில் மாங்கனீசு 50 சதவீதம்! அவர் பெருக்கலில் பிழையில்லை, சூத்திரத்தில் பிழையில்லை, பியூரெட் அளவிலும் பிழையில்லை. அந்த லேபிள் அமிலத்தில் இரும்பைத் தரம்பார்த்தபோது எழுதப்பட்டது என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட பிழை சில நேரம் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். 48 சதவீதத் தாதுவாக இருந்திருந்தால் விடை 80 என்று வந்திருக்கும். மாங்கனீசின் ஆக்சைடுகளில் உலோகம் அதிகம் உள்ளது MnO, அதிலேயே 77.4 சதவீதம்தான். 80 என்றால் எங்கோ தப்பு என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் 30ஐ 50 ஆக்கிக் காட்டும்போது சந்தேகப்பட எதுவுமே இல்லை. 50 சதவீதத் தாது உலகில் உண்டு, நல்ல விலைக்கும் போகும். விடை எப்போதும் ஐந்துக்கு மூன்று என்ற சுத்தமான விகிதத்தில் பிசகுவதுதான் ஒரே தடயம். இரண்டு ஆய்வகங்களின் முடிவுகள் 1.67 மடங்கு வேறுபட்டால், முதலில் கேட்க வேண்டியது பெர்மாங்கனேட்டின் லேபிளைத்தான்.

பள்ளி ஆய்வகத்திலேயே இதன் சிறு வடிவத்தைப் பார்க்கலாம். இரும்புக் கரைசலில் அமிலத்தைக் குறைவாக விட்ட மாணவரின் குடுவை, இளஞ்சிவப்புக்குப் பதில் பழுப்பாகக் கலங்கும். ஆசிரியர் பார்த்தவுடன் "ஆசிட் பத்தலை, கொட்டிட்டு மறுபடி எடு" என்பார். அந்தப் பழுப்பு மாங்கனீசு டைஆக்சைடு. சில பெர்மாங்கனேட்டுகள் ஐந்துக்குப் போகாமல் மூன்றிலேயே நின்றுவிட்டன என்று பொருள். அந்தக் குடுவைக்குள் பெர்மாங்கனேட்டின் நார்மாலிட்டி 0.1020ம் இல்லை, 0.0612ம் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று. கணக்கே போட முடியாது. மோலாரிட்டி மட்டும் அப்போதும் 0.02041 தான்.

இவ்வளவு குழப்பம் இருந்தும் மாணவர்களுக்கு இது ஏன் உறைப்பதில்லை? ஆக்சாலிக் அமிலம்தான் காரணம் என்பது என் கட்சி. பள்ளியில் அதை இரண்டு சோதனைகளில் பயன்படுத்துகிறோம். சோடியம் ஹைட்ராக்சைடோடு அமிலமாக, பெர்மாங்கனேட்டோடு ஒடுக்கியாக. படிக ஆக்சாலிக் அமிலத்தின் மோலார் எடை 126. அமிலமாக அது இரண்டு ஹைட்ரஜன் அயனிகளைத் தரும். சமான எடை 63. ஒடுக்கியாக இரண்டு எலக்ட்ரான்களைத் தரும், அப்போதும் 63. தற்செயலாக இரண்டும் ஒன்றாகிவிட்டதால், சமான எடை என்பது அந்தப் பொருளுக்கே உரிய நிலையான எண் என்று மாணவர் மனதில் பதிந்துவிடுகிறது. பொட்டாசியம் ஹைட்ரஜன் ஆக்சலேட்டை எடுத்துக் கொடுத்திருந்தால் இந்த மயக்கம் அன்றைக்கே தெளிந்திருக்கும். அதன் மோலார் எடை 128.1. அமிலமாகக் கொடுக்க அதனிடம் ஒரே ஒரு ஹைட்ரஜன்தான் மிச்சம். சமான எடை 128.1. ஒடுக்கியாக எலக்ட்ரான் இரண்டு. சமான எடை 64.05. சோடியம் ஹைட்ராக்சைடுக்கு 0.1 N ஆக இருக்கும் கரைசல், அடுத்த மேசையில் பெர்மாங்கனேட்டுக்கு 0.2 N ஆகிவிடும்.

அமில-கார வினைகளில் மட்டும் நார்மாலிட்டி பத்திரமாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. பாஸ்பாரிக் அமிலத்தில் மூன்று ஹைட்ரஜன்கள் உண்டு. மெத்தில் ஆரஞ்சை நிறங்காட்டியாகப் போட்டால் முதல் ஹைட்ரஜன் தீர்ந்ததும் நிறம் மாறிவிடும். பினால்ப்தலீன் போட்டால் இரண்டாவது தீரும்வரை காத்திருக்கும். மூன்றாவது ஹைட்ரஜனை, தண்ணீரில் இப்படி நேரடியாகத் தரம்பார்க்கவே முடியாத அளவுக்கு அந்த நிலையில் அமிலத்தன்மை குறைந்துவிடுகிறது. ஆக, புத்தகத்தில் 98ஐ மூன்றால் வகுத்து 32.7 என்று எழுதும் சமான எடைக்கு இந்த இரண்டு குடுவைகளிலும் வேலையில்லை. ஒன்றில் அது 98, மற்றொன்றில் 49. எந்த நிறங்காட்டியை எடுத்தோம் என்பதைப் பொறுத்துக்கூட நார்மாலிட்டி இரண்டு மடங்காகும், பாதியாகும்.

இதற்கிடையில் உலகம் மோல் பக்கம் போய்விட்டது. 1971இல் எடைகள் அளவுகளுக்கான சர்வதேசப் பொது மாநாடு மோலை அடிப்படை அலகுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. 2019 முதல் ஒரு மோல் என்பது சரியாக 6.02214076 × 10²³ துகள்கள். எந்தத் துகளின் மோல் என்று சொல்லியாக வேண்டும் என்பதும் விதி. கரைசலைப் பற்றிப் பேசும்போது அதில் எத்தனை துகள் இருக்கிறது என்று சொன்னால் போதும். அது பிறகு எதனோடு எப்படி வினைபுரியப் போகிறது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டியதில்லை. கரைசல்கள் தரம்பார்க்க மட்டும் பயன்படுவதும் இல்லை. வினைவேகம், சமநிலை மாறிலி, மின்கல மின்னழுத்தம், நிறமானியில் ஒளி உட்கவர்தல் எல்லாமே துகள் எண்ணிக்கையைத்தான் கேட்கின்றன. பெர்மாங்கனேட்டின் நிறச்செறிவை அளக்க 0.1 N என்ற லேபிளை வைத்துக்கொண்டு நேராக எதுவும் செய்ய முடியாது. முதலில் ஐந்தால் வகுத்தாக வேண்டும்.

அமெரிக்காவின் தேசியத் தர அளவீட்டு நிறுவனம் அலகுகளுக்கான தன் வழிகாட்டியில் நார்மாலிட்டி வழக்கொழிந்தது, இனிப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதே வழிகாட்டி மோலாரிட்டி என்ற சொல்லையும் M என்ற குறியீட்டையும் அதே பட்டியலில் சேர்த்துவிட்டது. லிட்டருக்கு இத்தனை மோல் என்று நேராக எழுதுங்கள் என்பது அதன் கட்டளை. அந்த அளவுக்கு யாரும் போனதாகத் தெரியவில்லை. கல்லூரி ஆய்வகங்களில் M சௌக்கியமாகவே இருக்கிறது.

புதிய முறைக்கும் அதற்கே உரிய தப்பு ஒன்று உண்டு. பழைய சூத்திரத்தில் N இருந்த இடத்தில் M போட்டு V1M1 = V2M2 என்று எழுதிவிடுவது. விகிதத்தைக் காட்டும் a1, a2 இரண்டையும் விட்டுவிட்டால், நம் பெர்மாங்கனேட் 0.102 மோலார் என்று விடை வரும். உண்மையைப்போல ஐந்து மடங்கு. கண்டுபிடிப்பது எளிது. கரைசலைத் தயாரித்தபோது லிட்டருக்கு மூன்று கிராம் சொச்சம்தான் போட்டோம். 0.102 மோலார் என்றால் பதினாறு கிராம் போட்டிருக்க வேண்டும். நீர்த்தல் கணக்குக்கு மட்டுமே அந்தச் சூத்திரம் பொருந்தும். வினைக் கணக்குக்குச் சமன்பாடு வேண்டும். நார்மாலிட்டி நம்மிடமிருந்து தள்ளிவைத்திருந்த வேலையை மோலாரிட்டி திரும்பக் கையில் கொடுக்கிறது. வகுப்பறைக்கு அது நல்லதுதான். தரம்பார்த்தலில் கற்றுக்கொள்ள வேண்டியதே அந்தச் சமன்பாடுதானே!

நுழைவுத் தேர்வுப் பயிற்சிகளில் இன்றும் "என்-ஃபேக்டர்" என்ற பெயரில் சமான எடை உயிரோடு இருக்கிறது. மோலாரிட்டியை அந்த எண்ணால் பெருக்கினால் நார்மாலிட்டி. எழுதிய சமன்பாட்டின் விகிதத்தைச் சரிபார்க்க அது அருமையான குறுக்குவழி. சமன்பாட்டுக்குப் பதிலாக அதை மனப்பாடம் செய்து, பெர்மாங்கனேட் என்றால் ஐந்து என்று முடிவுகட்டிவிட்டால், காரக் கரைசல் பற்றிய கேள்வியில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

நார்மாலிட்டி இன்னும் நியாயமாக வாழும் இடங்கள் உண்டு. குடிநீர் ஆய்வகத்தில் காரத்தன்மை பார்க்க 0.02 N கந்தக அமிலம் வைத்திருப்பார்கள். கால்சியம் கார்பனேட்டின் சமான எடை 50. ஆகவே அந்த அமிலம் ஒரு மி.லி. செலவானால் ஒரு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடு. 100 மி.லி. தண்ணீர் எடுத்துக்கொண்டால் பியூரெட் அளவைப் பத்தால் பெருக்கினாலே லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று விடை கிடைத்துவிடும். ஒரே வினை, ஒரே நிறங்காட்டி, ஒரே புட்டி, வருடக்கணக்காக. இங்கே மாற்றச் சொல்வது வீண் பிடிவாதம். ஒரு எச்சரிக்கை மட்டும் போதும். புதிதாக வந்தவர் 0.02 N என்பதை 0.02 மோலார் என்று படித்துத் தயாரித்துவிட்டால், அமிலம் இரண்டு மடங்கு வலுவாகிவிடும். 200 இருக்க வேண்டிய காரத்தன்மை 100 என்று காட்டும். எடை தெரிந்த சோடியம் கார்பனேட்டை வைத்து அமிலத்தை மாதாமாதம் சரிபார்க்கும் இடத்தில் இது முதல் நாளே பிடிபடும்.

மருத்துவமனையில் ஏற்றும் நார்மல் சலைனை இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்றால் 0.154 N தான். அங்கே நார்மல் என்பதற்கும் நாம் இதுவரை பேசியதற்கும் உறவே இல்லை.

நார்மாலிட்டியை விடவும் மனமில்லாமல், பிழையும் வராமல் இருக்க ஒரு வழி வேதியியலாளர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. எதன் மோல் என்று சொல்லச் சொல்கிறார்கள் அல்லவா? ஐந்தில் ஒரு பங்கு பெர்மாங்கனேட்டையே ஒரு துகளாகக் கொண்டு, c(1/5 KMnO4) = 0.1 mol/L என்று எழுதிவிடலாம். எந்த வினையை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பது லேபிளிலேயே தெரிந்துவிடும். கடையில் வரும் புட்டிகள் பலவற்றில் 0.02 mol/L, 0.1 N என்று இரண்டும் சேர்ந்தே அச்சாகின்றன.

ஆய்வகத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் பள்ளியில் கரைசல் தயாரித்து வைக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெர்மாங்கனேட், டைகுரோமேட், ஆக்சலேட் புட்டிகளின் லேபிளில் மோலாரிட்டியையும் தயாரித்த தேதியையும் எழுதுங்கள். N எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், பக்கத்தில் "அமிலத்தில், 5 எலக்ட்ரான்" என்று இரண்டு சொல் சேர்த்துவிடுங்கள்.